நரியும் பன்றியும் மோதவே இல்லை, ஆனாலும் நரி தோற்றது

ஓர் இடத்தில் ஒரு விலங்கு பெருகுகிறது, அதே சமயத்தில் இன்னொன்று குறைகிறது என்றால் நாம் உடனே சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அதன் தீனியை இது தின்றுவிட்டது." செய்தித்தாளிலும் டீக்கடையிலும் கேட்பது இதையே. அதேபோல் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது, "பூச்சியைத் தின்னும் பூச்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்கிறோம். இரண்டும் பல நேரம் சரியாக இருக்கும். ஆனால் தவறாகும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு வேலையில் இறங்கினால் விளைவு தலைகீழாகிவிடும்.

அப்படித் தவறாகும் இரண்டு நிலைமைகளை இங்கே பார்க்கப் போகிறோம். ஒன்றுக்குப் பெயர் தோற்றப் போட்டி. இன்னொன்றை நான் பந்தி வேட்டை என்று சொல்லப் போகிறேன். பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஓர் ஆட்டுப் பட்டிக்குப் போவோம்.

## பட்டிக்கு வெளியே கிடக்கும் கோழிக் கழிவு

கொங்குப் பக்கம் ஆட்டுப் பட்டிகளில் தெருநாய்கள் புகுந்து செம்மறிகளைக் கடித்துப்போடுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. அங்கே ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முந்தின வாரம்தான் நான்கு குட்டிகளை இழந்திருந்தார். கம்பி வேலியின் கீழ்ப்பக்கம் நாய் தோண்டிய குழி அப்படியே இருந்தது. அதில் செம்மறி மயிர் ஒரு கொத்து சிக்கியிருந்தது. நாய்கள் பசியில் வருகின்றனவோ என்று கேட்டேன். அவர் ரோட்டோரம் கையைக் காட்டினார். கறிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

"கண்ணு, நாய் ஆட்டை நம்பி இங்க இல்லை. அந்தக் கோழிக் கழிவை நம்பித்தான் இருக்குது. ஆடு அதுக்கு மேல்வரும்படி."

அவர் சொன்ன அந்த "மேல்வரும்படி" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கட்டுரையின் முதல் பாதி புரிந்த மாதிரிதான். கோழிக் கழிவுக்கும் ஆட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கழிவு ஆட்டின் புல்லைத் தின்னவில்லை, ஆட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் கழிவு கூடினால் நாய் கூடுகிறது, நாய் கூடினால் ஆடு சாகிறது. இடையில் இருக்கும் நாயைப் பார்க்காதவருக்குக் கழிவு கூடக் கூட ஆடு குறைவது மட்டும்தான் தெரியும். கழிவுக்கும் ஆட்டுக்கும் ஏதோ பகை இருப்பதுபோலத் தோன்றும்.

இப்படி ஓர் உயிரினம் இன்னொன்றை நேராகத் தொடாமல், நடுவில் இருக்கும் மூன்றாவது ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாதிப்பதற்கு மறைமுக விளைவு என்று பெயர்.

## தோற்றப் போட்டி என்றால் என்ன

கோழிக் கழிவுக்குப் பதிலாக அங்கே உயிருள்ள இன்னோர் இரை இருந்தால், உதாரணமாக எலி, அதுதான் தோற்றப் போட்டி. இரண்டு இரை உயிரினங்கள் ஒரே வேட்டை விலங்குக்குத் தீனியாக இருக்கின்றன. ஒன்று பெருகும்போது வேட்டை விலங்கு பெருகுகிறது, அதனால் மற்றது குறைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் போட்டி போடுவதுபோல் தோற்றம். உள்ளே போட்டி இல்லை. 1977-ல் ராபர்ட் ஹோல்ட் என்ற சூழலியலாளர் இதைக் கணக்காக எழுதிக் காட்டி, இந்தப் பெயரையும் வைத்தார்.

சாதாரணமாக ஒரு வேட்டை விலங்கும் ஓர் இரையும் மட்டும் இருந்தால், இயற்கையில் ஒரு கடிவாளம் இருக்கும். இரை குறைந்தால் வேட்டை விலங்கு பட்டினி கிடக்கும், அதன் எண்ணிக்கையும் குறையும், இரைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். தோற்றப் போட்டியில் இந்தக் கடிவாளம் அறுந்துவிடுகிறது. ஆடு குறைந்தாலும் நாய் குறையாது, ஏனென்றால் நாயின் சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது. கடைசி ஆடு வரைக்கும் நாய் அங்கேயே இருக்கும்.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

## ஒரு கற்பனைத் தீவில் கணக்கு

ஒரு தீவில் 1000 நரிகள் இருக்கின்றன. கழுகே இல்லாவிட்டால் அவை ஆண்டுக்கு 30 சதவீதம் பெருகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கழுகு ஓர் ஆண்டில் இருக்கும் நரிகளில் 3 சதவீதத்தைப் பிடிக்கும். அப்படியானால் 10 கழுகுகள் வந்தால் 30 சதவீதம் போய்விடும், நரி எண்ணிக்கை அப்படியே நிற்கும். 10 என்பது நரியின் தாங்கும் எல்லை. அதற்கு மேல் ஒரு கழுகு கூடினாலும் நரி தேயத் தொடங்கும்.

சரி, நரியை மட்டும் நம்பி 10 கழுகுகள் அங்கே வாழ முடியுமா? 1000 நரியில் 3 சதவீதம் என்றால் ஒரு கழுகுக்கு ஆண்டுக்கு 30 நரி. ஒரு கழுகு உயிரோடு இருந்து குஞ்சும் பொரிக்க அந்த அளவில் 60 இரையாவது வேண்டும் என்று வைத்தால், கழுகு அங்கே தங்காது. வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நரிக்கு ஆபத்து இல்லை.

இப்போது அதே தீவில் பன்றிகளை விடுவோம். பன்றி வேகமாக ஈனும். கழுகு இல்லாவிட்டால் ஆண்டுக்கு 100 சதவீதம் பெருகும், அதாவது இரண்டு மடங்காகும். கழுகால் குட்டியைத்தான் தூக்க முடியும், வளர்ந்த பன்றியைத் தொட முடியாது. அதனால் ஒரு கழுகு பன்றிகளில் 2 சதவீதத்தைத்தான் குறைக்கிறது. பன்றியின் தாங்கும் எல்லை 50 கழுகுகள்.

பன்றிக்குட்டி கிடைப்பதால் கழுகுகள் தங்கிவிடுகின்றன, கூடு கட்டுகின்றன, 20 ஆகின்றன. பன்றிக்கு 20 கழுகு ஒரு பொருட்டே இல்லை. நரிக்கு? 20 கழுகுகள் 60 சதவீதம் எடுக்கின்றன, பெருக்கமோ 30 சதவீதம்தான். ஆண்டுக்கு நிகரமாக 30 சதவீத இழப்பு. 1000 நரி முதலாண்டு முடிவில் 700, பிறகு 490, பிறகு 343, பிறகு 240, ஐந்தாம் ஆண்டில் 168. பன்றி ஒரு நரியின் உணவைக்கூடத் தொடவில்லை.

இந்தக் கணக்கில் யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிப்பது தாங்கும் எல்லை மட்டுமே. பெருகும் வேகத்தை, பிடிபடும் விகிதத்தால் வகுத்தால் அது கிடைக்கும்: நரிக்கு 30-ஐ 3-ஆல் வகுத்தால் 10, பன்றிக்கு 100-ஐ 2-ஆல் வகுத்தால் 50. எந்த இரை அதிக வேட்டை விலங்குகளைத் தாங்குகிறதோ அது நிற்கும், மற்றது போகும். ஹோல்ட் எழுதிய சூத்திரத்தின் சாரமும் இதுதான். மெதுவாக ஈனும், எளிதில் பிடிபடும் உயிரினங்கள் இதில் எப்போதும் தோற்கும் பக்கத்தில் இருக்கும்.

இதுவரை பார்த்தது: இரண்டு இரைகளுக்கு நடுவில் ஒரு பொது வேட்டை விலங்கு. வேகமாகப் பெருகும் இரை அதற்குச் சோறு போடுகிறது, மெதுவாகப் பெருகும் இரை மேல்வரும்படியாகிறது.

## உண்மையிலேயே நடந்த தீவு

மேலே சொன்ன எண்கள் என்னுடையவை. ஆனால் கதை கற்பனை அல்ல. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவின் கரைக்கு எதிரே சேனல் தீவுகள் என்று ஒரு தொகுதி இருக்கிறது. அங்கே மட்டும் வாழும் ஒரு நரி இனம் உண்டு, வீட்டுப் பூனை அளவுதான், எடை ஏறக்குறைய 2 கிலோ. தீவில் அதைவிடப் பெரிய வேட்டை விலங்கு தரையில் இல்லை. அதனால் பகலிலும் பயமில்லாமல் திறந்த வெளியில் திரியும். வானத்தைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் அதற்கு இல்லை.

சாண்டா குரூஸ் என்ற தீவில் 1990-களின் தொடக்கத்தில் சுமார் 1,500 நரிகள் இருந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் நூறுக்கும் கீழே இறங்கிவிட்டன. பக்கத்துச் சான் மிகேல் தீவில் 1994-ல் ஏறக்குறைய 450 இருந்தவை 1999-ல் வெறும் 15.

முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. நோய் என்பதுதான் எளிதில் தோன்றும் சந்தேகம். அந்தச் சந்தேகம் வீணும் அல்ல: அதே தொகுதியில் இருக்கும் சாண்டா கேட்டலினா தீவில் அந்தக் காலத்தில் நரிகள் சரிந்ததற்கு நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் காரணம். எண்ணிக்கை விழும் கோடு இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கோட்டைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாது.

சடலங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கேரி ரோமர் முதலான ஆய்வாளர்கள் நரிகளின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டியிருந்தார்கள். நரி அசையாமல் போனால் சமிக்ஞை மாறும், உடனே அந்த இடத்துக்குப் போய்ச் சேரலாம். நோயில் செத்த நரி முழுசாகக் கிடக்கும். இங்கே கிடைத்தவை அப்படி இல்லை. கூர்நகம் இறங்கிய துளைகள், உள்ளுறுப்புகள் உண்ணப்பட்ட உடல், தோல் உரிந்து திரும்பிய கால்கள், அருகில் பெரிய இறகு. பொன்னிறக் கழுகு.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பொன்னிறக் கழுகு கரையில் காலங்காலமாக இருக்கிறது, தீவு கண்ணுக்கெட்டும் தூரம். அதுவரை ஏன் வந்து தங்கவில்லை?

இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. தீவுகளில் முன்பு வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டி வாழ்ந்தன. அவை பெரும்பாலும் மீனும் கடற்பறவையும் தின்பவை, தங்கள் எல்லைக்குள் வேறு கழுகை விடாதவை. டி.டி.டி. பூச்சிக்கொல்லி கடலில் கலந்து, மீன் வழியாக அவற்றின் உடம்பில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைந்தது. 1960-களுக்குள் தீவுகளில் அவை இல்லாமல் போயின. வாசலில் இருந்த காவல் போய்விட்டது. இது ஒன்று.

இரண்டாவது, பன்றி. 19-ஆம் நூற்றாண்டில் பண்ணைக்காரர்கள் சாண்டா குரூஸில் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகள் தப்பிக் காட்டில் பெருகியிருந்தன. ஆண்டு முழுக்கக் குட்டி. அந்தக் குட்டிகள்தான் பொன்னிறக் கழுகுக்குத் தீவில் குடியேறச் சோறு போட்டன. பன்றி இல்லாமல் நரியை மட்டும் நம்பி அந்தக் கழுகுகள் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று ரோமர் குழுவின் கணக்குகள் காட்டின.

எனக்கு இதில் மிகவும் உறைத்த விவரம் சான் மிகேல். அந்தத் தீவில் பன்றியே இல்லை! பக்கத்துத் தீவில் தங்கி வளர்ந்த கழுகு பறந்து வந்து இங்கே நரியைத் தூக்கியது. நடுவில் நிற்கும் வேட்டை விலங்குக்கு இறக்கை இருந்தால், தோற்றப் போட்டி கடலையும் தாண்டும். சான் மிகேலில் மட்டும் நின்று யோசித்தவர் எத்தனை ஆண்டு யோசித்தாலும் பன்றியைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

## எதை முதலில் எடுப்பது

காரணம் பன்றி என்று தெரிந்ததும், பன்றியைச் சுட்டுத் தீர்த்துவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். இந்த இடத்தில்தான் மறைமுக விளைவைப் பாதி புரிந்துகொண்டவர் பெரிய தவறு செய்துவிடுவார்.

நம் ஆட்டுப் பட்டிக்கே திரும்புவோம். ரோட்டோரக் கழிவை நாளைக்கே முழுசாக நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஆறு மாதம், ஓராண்டு கழித்து நாய்கள் குறையும். ஆனால் அடுத்த வாரம்? இருக்கும் அத்தனை நாய்களும் பசியோடு பட்டிப் பக்கம் வரும். கழிவு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. நீண்ட காலத்தில் நாயைப் பெருக்குகிறது, குறுகிய காலத்தில் நாயின் வயிற்றை நிரப்பி ஆட்டின் பக்கம் திரும்பாமல் வைக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை. எவ்வளவு காலத்துக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதே பொருள் கெடுதலும் ஆகும், கவசமும் ஆகும்.

சாண்டா குரூஸுக்கும் இதே கணக்கு. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரோமரும் மற்றவர்களும் இதைத்தான் எச்சரித்தார்கள்: கழுகுகள் இருக்கும்போதே பன்றிகளை அகற்றினால், கழுகுகள் மிச்சமிருக்கும் நரிகள் பக்கம் முழுசாகத் திரும்பும், நரி அழிந்துவிடும்.

அதனால் வரிசை முக்கியமானது. 1999 முதல் பொன்னிறக் கழுகுகளை உயிரோடு பிடித்துக் கரையில் வெகுதூரம் கொண்டுபோய் விட்டார்கள். 2006 வரைக்கும் இப்படி நாற்பதுக்கும் மேல். மிச்சமிருந்த நரிகளைப் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 2002 முதல் வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து தீவில் வளர்த்துவிட்டார்கள், பழைய காவல் திரும்பட்டும் என்று. கழுகு பெரும்பாலும் போன பிறகுதான், 2005-ல், சாண்டா குரூஸில் பன்றிகளை அகற்றத் தொடங்கினார்கள். 5,000-க்கும் மேல். 2006-ல் வெண்தலைக் கழுகு ஒன்று அந்தத் தீவில் இயல்பாக அடைகாத்துக் குஞ்சு பொரித்தது, ஐம்பதாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு. 2004-ல் அமெரிக்க அரசின் அழிநிலைப் பட்டியலில் சேர்த்த நரிகளில், சான் மிகேல், சாண்டா ரோசா, சாண்டா குரூஸ் மூன்று தீவு நரிகளையும் 2016-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சுருக்கமாக: தோற்றப் போட்டியில் மூலகாரணமான இரையை எடுப்பது சரிதான், ஆனால் வேட்டை விலங்கின் எண்ணிக்கை உயரத்தில் இருக்கும்போது எடுக்கக் கூடாது.

## இரண்டாவது நிலைமை: ஒரே பந்தியில் அடிதடி

இதுவரை பார்த்த கதையில் இரைகள் இரண்டு, வேட்டை விலங்கு ஒன்று. இதைத் திருப்பிப் போடுவோம். இரை ஒன்று, வேட்டை விலங்குகள் இரண்டு. அந்த இரண்டில் பெரியது சின்னதையும் தின்னும்.

ஒரே வகைத் தீனியை உண்டு வாழும் உயிரினங்களின் கூட்டத்தைச் சூழலியலில் கில்ட் என்கிறார்கள். நம் ஊர்ச் சொல்லில் பந்தி என்றால் பொருந்தும், ஒரே சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கத்து இலைக்காரரையே தின்றுவிட்டால்? அதுதான் பந்தி வேட்டை. பெரியதற்கு இரட்டை லாபம்: வயிறும் நிறைந்தது, போட்டியாளரும் தொலைந்தது. கேரி போலிஸ் என்பவர் கலிபோர்னியப் பாலைவனத்தில் தேள்களை ஆராய்ந்தவர். அங்கே ஒரே பூச்சிகளைத் தின்னும் தேள்களில் பெரியது சின்னதைத் தின்றுகொண்டிருந்தது. அவரும் ஹோல்ட்டும் இன்னொருவரும் சேர்ந்து 1989-ல் எழுதிய கட்டுரைதான் இந்தத் தலைப்பைப் பரவலாக்கியது.

தோற்றப் போட்டியிலிருந்து இது வேறுபடும் இடத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நரிக்கும் பன்றிக்கும் இடையே சண்டை இல்லை. இங்கே சண்டையும் உண்டு, தின்பதும் உண்டு. ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது, இருவருக்கும் கீழே இருக்கும் இரையிடம்.

## பருத்தி இலையின் அடியில்

பருத்தி இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நரம்புகளை ஒட்டிப் பச்சையும் மஞ்சளுமாக அசுவினிகள் அப்பியிருக்கும், குண்டூசித் தலையைவிடச் சிறியவை, சாறு உறிஞ்சிக்கொண்டு அசையாமல். அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்தில் தலைமயிர் போன்ற ஒரு காம்பின் நுனியில் வெளிர்ப் பச்சை முட்டை ஒன்று நிற்கும். அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. நம் வேளாண் துறையினர் கிரைசோபெர்லா என்று சொல்லிப் பருத்திக்குப் பரிந்துரைக்கும் அதே பூச்சி வகை. முட்டை பொரிந்து வரும் புழு முதலைபோல் இருக்கும், வளைந்த இரண்டு கொடுக்கால் அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சித் தோலைப் போட்டுவிடும். முட்டை ஏன் காம்பின் நுனியில்? கூடப் பிறந்த புழுவே அதைத் தின்றுவிடும் என்பது ஒரு காரணம்.

அதே செடியில் ரெடுவிட் நாவாய்ப்பூச்சியும் இருக்கும். நீண்ட கால், கூர் அலகு. அசுவினியையும் தின்னும், ஆனால் அதன் உடலுக்கு அசுவினி மிகச் சின்னத் தீனி. கொழுத்த கண்ணாடி இறக்கைப் புழு கிடைத்தால் அதைத்தான் குத்தும். இரண்டுமே "நன்மை செய்யும் பூச்சி" பட்டியலில் இருப்பவை.

மறுபடியும் ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு செடியில் 500 அசுவினிகள். நாளுக்கு 20 சதவீதம் பெருகும். ஐந்து கண்ணாடி இறக்கைப் புழுக்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு 30 அசுவினி தின்னும், ஆக 150.

முதல் நாள் 500-உடன் 100 கூடுகிறது, 150 போகிறது, மிச்சம் 450. பிறகு 390, 318, 232, 128, ஆறாம் நாள் முடிவில் விரல்விட்டு எண்ணும் அளவு. செடி தப்பியது.

இப்போது இரண்டு நாவாய்ப்பூச்சிகளைச் சேர்ப்போம். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 10 அசுவினியைத் தின்னும், ஒரு புழுவையும் கொல்லும். அப்படியானால் புழுக்கள் ஐந்து, நான்கு, மூன்று என்று நாளுக்கு ஒன்றாகக் குறையும். அசுவினி முதல் நாள் முடிவில் 440, இரண்டாம் நாள் 398, மூன்றாம் நாள் 378. நான்காம் நாள் 384, ஐந்தாம் நாள் 421, ஆறாம் நாள் 495, ஏழாம் நாள் 584.

அந்த மூன்றாம் நாளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அன்று வந்து எண்ணியவர் 500 இருந்தது 378 ஆகிவிட்டது, இரண்டு பூச்சிகளும் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். முதல் நாள் முடிவிலோ அசுவினி தனிப்புழுச் செடியைவிடக் குறைவாகக்கூட இருந்தது, 450-க்கு 440. பந்தி வேட்டையின் விளைவு உடனே தெரியாது. சின்ன வேட்டைப்பூச்சி தீர்ந்த பிறகுதான் இரை எழுந்து நிற்கும்.

இதைப் பருத்தி வயலில் உண்மையாகவே சோதித்தவர் ஜே ரோசன்ஹைம் என்ற பூச்சியியலாளர். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் செடிகளைக் கூண்டால் மூடி, சிலவற்றில் கண்ணாடி இறக்கைப் புழு மட்டும், சிலவற்றில் நாவாய்ப்பூச்சிகளும் சேர்த்து விட்டார். 1993-ல் வெளியான முடிவு: புழு தனியாக இருந்தபோது அசுவினி நன்றாக அடங்கியது. சில நாவாய்ப்பூச்சிகளைச் சேர்த்தபோது புழுக்கள் பெருமளவில் செத்தன, அசுவினி மீண்டும் பெருகியது. காவலுக்கு ஆள் கூட்டினார்கள், களவு கூடியது.

## அப்படியானால் சின்னது ஏன் அழிந்துபோகவில்லை

பெரியது சின்னதைத் தின்கிறது, சின்னதின் தீனியையும் தின்கிறது. இரு பக்கமும் அடி வாங்கும் சின்னது உலகத்தில் எப்படி மிஞ்சியிருக்கிறது? ஹோல்ட்டும் போலிஸும் 1997-ல் கொடுத்த பதில் எளிமையானது. பொது இரையைத் தின்று பிழைப்பதில் சின்னது கெட்டிக்காரியாக இருக்க வேண்டும், அதாவது இரை மிகக் குறைவாக இருக்கும்போதும் அது வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். பருத்தியில் பார்த்தது அதேதான், 30-க்கு எதிராக 5. இந்தத் திறமை இல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து வாழும் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம், இரை எவ்வளவு விளைகிறது என்பதும் கணக்கில் சேரும். இரை அரிதாக இருக்கும் இடத்தில் பெரியதால் தாக்குப்பிடிக்க முடியாது, கெட்டிக்காரச் சின்னது மட்டும் இருக்கும். நடுத்தர இடத்தில் இருவரும் இருப்பார்கள். இரை கொழிக்கும் இடத்தில் பெரியது அவ்வளவு பெருகும், சின்னதைத் தின்றே தீர்த்துவிடும். கடைசி வரியில் தோற்றப் போட்டியும் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். அசுவினி பெரிய பூச்சிக்குச் சோறு போடுகிறது, சின்னப் பூச்சி மேல்வரும்படியாகிறது. நரிக்கு நடந்ததுதான் இதுவும்.

கணக்கு சொல்வதைவிட வயல்வெளியில் இரண்டும் அதிகமாகவே சேர்ந்து வாழ்கின்றன. முக்கியக் காரணம் ஒளிய இடம். அமெரிக்கக் கிழக்குக் கரையின் உப்புச் சதுப்புப் புல்லில் ஃபிங்க், டென்னோ என்ற இருவர் செய்த சோதனை இதைக் காட்டியது. அங்கே ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி தத்துப்பூச்சிகளின் முட்டையைத் தின்கிறது, ஓநாய்ச் சிலந்தி தத்துப்பூச்சியையும் தின்கிறது, அந்த நாவாய்ப்பூச்சியையும் தின்கிறது. அடியில் காய்ந்த புல் மெத்தைபோல் கிடந்த இடங்களில் நாவாய்ப்பூச்சி அதற்குள் ஒளிந்து தப்பியது, இரண்டு வேட்டையாடிகளும் சேர்ந்து தத்துப்பூச்சியை நன்றாகவே அடக்கின. மெத்தையை அகற்றிய இடத்தில் சிலந்தி நாவாய்ப்பூச்சியைத் தின்றது, அடக்கம் கெட்டது. அதே மூன்று உயிர்கள்தான், கீழே கிடக்கும் சருகு மட்டும் வேறு. வரப்பையும் செடியின் அடியையும் பளிச்சென்று துடைத்து வைக்கும் பழக்கத்தை நான் மறுபடி யோசித்தது இதைப் படித்த பிறகுதான்.

## வயலில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது

கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டையை வாங்கி விட்டும் அசுவினி அடங்கவில்லை என்றால், முட்டை மோசம் என்று முடிவுகட்டுவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரே வரிசையில் அசுவினி ஏறக்குறைய சமமாக இருக்கும் சில கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். சிலவற்றைக் காற்றுப் போகும் மெல்லிய வலைப்பையால் மூடி, உள்ளே புழுக்களை மட்டும் விடுங்கள். மற்றவற்றில் அதே எண்ணிக்கைப் புழுக்களை மூடாமல் விடுங்கள். மூன்றாவதாகச் சில கிளைகளைப் புழுவே விடாமல் வலையால் மூடுங்கள். வலைக்குள் வெயிலும் காற்றும் மாறுவதாலேயே அசுவினி கூடிக் குறையலாம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த மூன்றாவது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் புழுவையும் எண்ணுங்கள், அசுவினியையும் எண்ணுங்கள். பத்து நாள் வரைக்கும் விடாமல் எண்ண வேண்டும், மூன்றாம் நாளில் நிறுத்தக் கூடாது. வலைக்குள் புழு தங்கி அசுவினி விழுந்து, வெளியே புழு காணாமல் போய் அசுவினி எழுந்தால், புழுவை யாரோ தின்கிறார்கள். ஆனால் புழு நகர்ந்து வேறு கிளைக்கும் போயிருக்கலாம். அதனால் அதிகாலையில் ஒருமுறை, இருட்டிய பிறகு டார்ச்சோடு ஒருமுறை அந்த மூடாத கிளைகளைப் போய்ப் பாருங்கள். எறும்பா, சிலந்தியா, நாவாய்ப்பூச்சியா என்பது அலகில் தொங்கும் புழுவோடு அப்போதுதான் கண்ணில் படும்.